கணக்கு சரியாக வந்தும் பில் எண்கள் விடுபட்டுப் போவது ஏன்?

மண்டபம் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு நான் மாதக் கணக்கு பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும் நாட்களில் அங்கே பில் போடுகிறவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு படகு பதினைந்து பார் கேட்கும், இன்னொன்று ஐஸை அரைத்துக் கொடு என்று நிற்கும். பில் புத்தகம் ஒருவர் கையில், எக்செல் இன்னொருவர் கையில். எண்கள் விடுபடுவதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று காட்ட வேண்டும். அதனால் விடுபட்ட எண் எது என்று தெரியாமல் மாதத்தை மூட முடியாது.

அந்த ஜூனில் புத்தகப்படி முதல் பில் ICE/25-26/0401, கடைசி ICE/25-26/0520. ஆக 120 எண்கள். எக்செலில் A2 முதல் A119 வரை 118 வரிகள் இருந்தன. எக்செலில் ஏற்றும் பையன் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, ஒன்று கூட்டி, வரிகளின் எண்ணிக்கையைக் கழித்தான். "ஒண்ணுதான்ணே விட்டுப்போச்சு" என்றான். உண்மையில் விடுபட்டவை நான்கு.

மூன்று எப்படி மறைந்தன என்று பாருங்கள். அவன் போட்ட சூத்திரம் இது (B-யில் பில் எண்ணின் கடைசிப் பகுதி எண்ணாக இருக்கிறது):

```
=MAX(B2:B119)-MIN(B2:B119)+1-COUNT(B2:B119)
```

அவன் தாளில் பெரிய எண் 519. 519-லிருந்து 401-ஐக் கழித்து ஒன்று கூட்டினால் 119, அதில் 118 போனால் 1. கடைசி பில் 520 தாளிலேயே ஏறாததால் சூத்திரத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வரிசையின் நுனியில் விடுபட்டதை MAX, MIN ஒருநாளும் காட்டாது. தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் பில் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். நான் H1-இல் 401, H2-இல் 520 என்று எழுதிவிடுவேன்.

அடுத்த இரண்டை மறைத்தவை இரட்டை எண்கள். 445-ஆம் பில் இரண்டு தடவை ஏறியிருந்தது. 486-ஐ 468 என்று மாற்றி அடித்ததால் 468-உம் இரண்டு. அதாவது 118 வரியில் வெவ்வேறு எண்கள் 116 மட்டுமே. ஒரு இரட்டை எண் ஒரு விடுபட்ட எண்ணை ஈடுகட்டிவிடும். இதுபோல இன்னொரு இரட்டை இருந்திருந்தால் விடை பூஜ்யம் வந்து, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அதனால் எதைத் தேடுவதற்கும் முன்னால் C பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுவேன்:

```
=COUNTIF($B$2:$B$119,B2)
```

ஒன்றுக்கு மேல் காட்டும் வரிகள்தான் இரட்டைகள். 468 என்றிருந்த இரண்டு வரிகளில் படகும் தொகையும் வேறு வேறாக இருந்தன. அப்படியானால் அது எண்ணை அடித்ததில் வந்த பிழை. 445-இல் எல்லாமே ஒன்று, அது ஒரே பில் இரண்டு தடவை ஏறியது. முதலாவதில் எண்ணைத் திருத்த வேண்டும், இரண்டாவதில் ஒரு வரியை நீக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து நீக்கினால் ஒரு படகுக்காரரின் பாக்கி கணக்கிலிருந்து காணாமல் போகும்.

இப்போது B பத்திக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பேர் இடறுவது அங்கேதான். கடைசி நான்கு எழுத்தை எடுக்க RIGHT(A2,4) என்று போடுவது வழக்கம். முன்னால் பூஜ்யம் போட்டு நான்கு இலக்கமாக எழுதும் வரை அது ஓடும். ஏப்ரலில் யாரோ ICE/25-26/12 என்று எழுதியிருந்தால் கிடைப்பது 6/12. அதை VALUE-க்குள் கொடுத்தால் எக்செல் தேதி என்று நினைத்து ஐந்து இலக்க எண் ஒன்றைக் கக்கும். MAX அதைப் பிடித்துக்கொண்டால், பல்லாயிரம் பில் விடுபட்டதாகத் திரை சொல்லும். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை மட்டும் எடுக்கும் இந்த வழியில் அந்தத் தொல்லை இல்லை. பழைய எக்செலிலும் ஓடும்:

```
=VALUE(TRIM(RIGHT(SUBSTITUTE(A2,"/",REPT(" ",20)),20)))
```

ஒவ்வொரு சாய்கோட்டையும் இருபது இடைவெளியாக நீட்டி, வலப்பக்கம் இருபது எழுத்தை எடுத்து, வெற்றிடத்தை உதறுகிறது. வெறும் 480 என்று அடித்த வரியிலும் 480-ஏ வரும்.

VALUE-ஐ விட்டுவிட்டால் B-யில் இருப்பது எண் மாதிரித் தெரியும் எழுத்து. அப்போது MAX பூஜ்யம் காட்டும். MATCH வைத்துத் தேடினால் 120 எண்ணும் விடுபட்டதாக வரும், ஏனென்றால் MATCH-க்கு 412-உம் "0412"-உம் வேறு வேறு. COUNTIF இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். எல்லா எண்ணும் விடுபட்டதாகப் பட்டியல் வந்தால் பதற வேண்டாம், B பத்தியைப் பாருங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு தேடல் ஒரு வரிதான். எக்செல் 2021, 365, கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் ஓடும்:

```
=LET(s,SEQUENCE(H2-H1+1,1,H1),
 IFERROR(FILTER(s,COUNTIF(B2:B119,s)=0),"இல்லை"))
```

கீழே காலி இடம் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எக்செல் #SPILL! என்றும் கூகுள் ஷீட்ஸ் #REF! என்றும் முறைக்கும். பழைய எக்செல் என்றால் E2 முதல் 401, 402 என்று 520 வரை இழுத்து, பக்கத்தில் இப்படி:

```
=IF(COUNTIF($B$2:$B$119,E2)=0,"விடுபட்டது","")
```

அந்த டாலர் குறியை விட்டால் கீழே இழுக்க இழுக்கத் தேடும் பகுதியும் நழுவும். மேல் வரிகள் சரியாகவும் கீழ் வரிகள் பொய்யாகவும் வரும். மேலே நாலு பார்த்துவிட்டுச் சரி என்று சொல்கிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

அடுத்தடுத்த வரிகளைக் கழித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. ஏறுவரிசையில் அடுக்கியிருந்தால் ஒழிய அது உதவாது. அடுக்கியிருந்தாலும் 452-க்கு அடுத்து 455 வந்தால் 3 என்று ஒரே ஒரு வரி காட்டும். விடுபட்டது இரண்டு என்று நாமே கணக்குப் போட வேண்டும்.

எங்களுக்கு விடுபட்ட நான்கு எண்கள் 453, 454, 486, 520. 486 முன்பே திருத்தத்தில் சரியாகிவிட்டதால் பட்டியலில் வரவில்லை. 453 புத்தகத்தில் மூன்று பிரதியோடும் குறுக்குக்கோடு போட்டுக் கிடந்தது, அதை 13-ஆம் அட்டவணையில் ரத்தான ஒன்று என்று காட்டினோம். 454 கடனுக்குப் போன பில்; அலுவலகப் பிரதி கடன் நோட்டின் நடுவில் செருகியிருந்தது. 520-ஐ ஜூன் 30 இரவில் எழுதியிருந்தார்கள். பையன் அதை ஜூலைத் தாளில் முதல் வரியாக ஏற்றி வைத்திருந்தான். தேதியைக் காட்டியதும், "நைட்டு பன்னெண்டுக்கு மேல ஆயிருச்சுன்னு நெனைச்சேன்ணே" என்று சொல்லிக்கொண்டே வரியை ஜூனுக்கு இழுத்துப் போட்டான்.