வேலையை விடுகிறீர்களா? மருத்துவக் காப்பீட்டைக் கைவிடாதீர்கள்

கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பாலிசி மார்ச் வரை இருந்தாலும் உங்கள் பெயர் அதில் இருக்காது.

நோட்டீஸ் கொடுத்த வாரமே அதே காப்பீட்டு நிறுவனத்துக்கு, தனிநபர் அல்லது குடும்ப பாலிசிக்கு மாற விரும்புவதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். இதை மைக்ரேஷன் என்பார்கள். கார்டில் பெயர் இருக்கும் டிபிஏ என்ற இடைநிலை நிறுவனத்துக்கு அனுப்பினால் வேலை நடக்காது. அவர்கள் பெரும்பாலும் க்ளெய்ம் பார்ப்பவர்கள். எந்தத் தேதியிலிருந்து, யார் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு இடைவெளியின்றிக் காப்பீடு இருந்தது என்று எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் அந்தக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இந்த மெனக்கெடல் காத்திருப்புக் காலத்துக்காகத்தான். புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு க்ளெய்ம் கிடைக்க 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். குரூப்பில் 4 ஆண்டு, 3 லட்சத்துக்கு இருந்தவர் 5 லட்சத்துக்கு மாறினால், பழைய 3 லட்சத்துக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் வரும். கூடுதல் 2 லட்சத்துக்குத்தான் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

பிரீமியம் இனி உங்கள் கையிலிருந்து. வயதையும் உடல்நிலையையும் பார்த்தே சொல்வார்கள். நோய்களை மறைக்காதீர்கள், பிறகு க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

வேறு காப்பீட்டு நிறுவனம் பிடித்திருந்தால், மாறிய பாலிசியின் அடுத்த புதுப்பித்தலுக்குக் குறைந்தது 45 நாள் முன்பு அங்கே மாறும் போர்ட்டிங்குக்கு விண்ணப்பியுங்கள்.