உணவகத்துக்கு மேம்பாட்டு அறிவிப்பு வந்தால் பதில் கடிதம் எழுதுவது எப்படி?

உணவு பாதுகாப்பு அலுவலர் சமையலறையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, நியமன அலுவலர் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் வரும். அதில் 'பிரிவு 32' என்று இருந்தால் அது மேம்பாட்டு அறிவிப்பு. பதற வேண்டாம், அது அபராதம் இல்லை. உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன்படி, குறைகளைச் சரிசெய்யக் கொடுக்கும் கெடு. 14 நாளுக்குக் குறைவாகக் கெடு வைக்க முடியாது. ஆனால் கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், அப்போதும் அசையாவிட்டால் ரத்தும் செய்யலாம். (சாம்பிள் எடுத்து ஆய்வகத்தில் தவறிய நோட்டீஸ் வேறு வகை. அதற்கு இந்தக் கடிதம் பொருந்தாது.)

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் கைக்கு வந்தது மார்ச் 3. கெடு 14 நாள். குறைகள் மூன்று: சமைத்த குழம்பும் பச்சை மீனும் ஒரே ஃபிரிட்ஜில் இருந்தன, பணியாளர் ஆறு பேருக்கும் மருத்துவச் சான்று இல்லை, பாத்திரம் கழுவும் இடத்தில் சாக்கடை மூடியில்லாமல் கிடந்தது.

1. முதலில் வேலை, பிறகு கடிதம்

நோட்டீஸில் உள்ள வரிசை எண்ணை மாற்றாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்தோம், எந்தத் தேதியில், என்ன ஆதாரம் என்று குறியுங்கள். ஆதாரம் காலியாக இருந்தால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

2. தலைப்பகுதி

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான அமைப்பே போதும். அனுப்புநரில் உரிமத்தில் உள்ள கடைப் பெயரும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். பலகையில் ஒரு பெயர், உரிமத்தில் இன்னொரு பெயர் என்றால் உரிமத்தில் உள்ளதையே எழுதுங்கள். பார்வையில் நோட்டீஸின் ந.க. எண்ணும் தேதியும் வரும். அது விட்டுப்போனால் கடிதம் எந்தக் கோப்பில் சேர வேண்டும் என்று தெரியாது.

3. குறைக்கு ஒரு பத்தி

பலரும் சறுக்குவது இங்கேதான். "தாங்கள் சுட்டிக்காட்டிய குறைகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டுவிட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மறு ஆய்வுக்கு வருபவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? ஃபிரிட்ஜ் விஷயத்தை இப்படி எழுதலாம்:

> "வரிசை எண் 1: சமைத்த உணவும் பச்சை மீனும் ஒரே குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது தொடர்பாக: பச்சை மீனுக்கெனத் தனிக் குளிர்பதனப் பெட்டி 06.03 அன்று வாங்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது (இணைப்பு 1: ரசீது, புகைப்படம்). இரு பெட்டிகளிலும் வெப்பமானி பொருத்தப்பட்டு, 5 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் பராமரிக்கப்படுகிறது. காலை, மாலை இருவேளையும் வெப்பநிலை பதிவேட்டில் குறிக்கப்படுகிறது (இணைப்பு 2). இதற்குத் தலைமைச் சமையலர் பொறுப்பாக்கப்பட்டுள்ளார்."

குறை, நடவடிக்கை, தேதி, ஆதாரம், இனி யார் பொறுப்பு என ஐந்தும் இதில் வந்துவிட்டன. "அன்று கரண்ட் போய்விட்டது", "பையன் புதுசு" போன்ற சமாதானம் எதுவும் இல்லை. "பெரிய தவறு செய்துவிட்டோம், மன்னியுங்கள்" என்ற புலம்பலும் இல்லை. அலுவலருக்கு இரண்டுமே தேவையில்லை. சாக்கடைக்கு இரும்பு வலை மூடி போட்டதை இதே பாணியில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

4. முடியாததை முடிந்ததாக எழுதாதீர்கள்

நால்வருக்குப் பதிவு பெற்ற மருத்துவரிடம் சான்று வாங்கியாயிற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டாயிற்று. இருவர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதுங்கள்:

> "மீதமுள்ள இரு பணியாளர்கள் விடுப்பில் உள்ளனர். மருத்துவச் சான்று பெறும் வரை அவர்கள் உணவு கையாளும் பணியில் அமர்த்தப்பட மாட்டார்கள். 24.03-க்குள் சான்றுகளைச் சமர்ப்பிக்க அவகாசம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இந்த வேண்டுகோள் கெடு முடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அவகாசம் கொடுப்பது நியமன அலுவலர் விருப்பம். கேட்டதாலேயே கிடைத்துவிட்டதாக எண்ணி உட்கார்ந்துவிடக் கூடாது. சான்று வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது என்பதால், அடுத்த தேதியையும் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.

நோட்டீஸில் சொன்ன ஒரு குறை உண்மையிலேயே இல்லை என்றால் கடிதத்தில் வாதாட வேண்டாம். உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அதற்கான காலம் குறைவு, அதிகபட்சம் 15 நாள். நோட்டீஸின் கெடு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

5. முடிப்பும் ஒப்படைப்பும்

கடைசிப் பத்தியில், "மறு ஆய்வு மேற்கொண்டு, மேம்பாட்டு அறிவிப்பின் மீதான நடவடிக்கையை முடித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவரே கையெழுத்திட வேண்டும். இணைப்புகளுக்கு எண் போட்டு, கடைசியில் பட்டியலிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். கடை புதுச்சேரியில் இருந்தால் பெறுநர் அங்குள்ள நியமன அலுவலர். கடலூர் முகவரியைப் பார்த்து அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள்.

கடிதம் கொடுத்த பிறகும் வெப்பநிலைப் பதிவேட்டை ஒரு வேளைகூட விடாமல் எழுதுங்கள். மறு ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு வாரத்துக்கான எண்களை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.