மழைத்துளி முத்துவின் கதையை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது எப்படி?

கடல் தண்ணீர் மேகமாகி, மழையாகி, மறுபடி கடலுக்கே வருவதுதான் முத்துவின் கதை. இதில் பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடல் தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் எப்படி வானத்துக்குப் போனது? "சூரியன் குடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டால், அப்புறம் மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அதனால் கதைக்கு முன்னால் ஒரு சின்ன வேலை.

பிள்ளையின் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, வெயில் படும் மொட்டைமாடித் தரையில் பதிக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் முதலில் மறையும், கடைசியில் உள்ளங்கை. யாரும் துடைக்கவில்லை, தண்ணீர் கொதிக்கவும் இல்லை. "காத்தோட கலந்து போச்சு. இருக்கு, ஆனா தெரியாது" என்று சொல்லிவிட்டு, கதையை ஆரம்பியுங்கள்.

முத்து சென்னைக் காசிமேட்டுக் கடலில் படகுகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தாள். வெயில் சுட்டது. முத்து பொடிப்பொடியாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் ஏறினாள். உப்பு மட்டும் கடலிலேயே தங்கிவிட்டது. (கடலில் குளித்துக் காய்ந்ததும் கையில் வெள்ளையாகப் படியுமே, அது இதேதான். இங்கே பிள்ளைகள் உடனே தலையாட்டுவார்கள்.)

மேலே போகப் போகக் குளிர். இங்கே கதையை நிறுத்தி, எவர்சில்வர் டம்ளரில் ரோஸ்மில்க்கும் ஐஸ்கட்டியும் போட்டு வையுங்கள். சில நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்துமுத்தாக வியர்க்கும். "டம்ளர் ஒழுகுது" என்று பிள்ளை சொன்னால், அந்தத் துளியை விரலில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரோஸ் நிறமும் இருக்காது, இனிப்பும் இருக்காது. அது காற்றில் ஒளிந்திருந்த தண்ணீர். வெறும் தண்ணீர் வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் ரோஸ்மில்க்.

அதே மாதிரி, குளிரில் முத்து ஒரு தூசியின்மேல் ஒட்டிக்கொண்டு மறுபடி துளியானாள். ஆனால் மிகச் சின்னத் துளி. கூட்டமாகச் சேர்ந்தால்தான் மேகம். ஒரு மழைத்துளிக்கு அப்படிப்பட்ட குட்டித் துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் வேண்டும். பிள்ளைக்கு எண்ணிக்கை வேண்டாம், "நிறையப் பேர் கைகோத்தாங்க" போதும். வந்தது அதே முத்துவா என்று கேட்டால் மழுப்பாதீர்கள். முத்துவில் கொஞ்சம், மற்றவர்களில் நிறைய என்று உண்மையைச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் வடகிழக்குக் காற்று மேகத்தைக் கரைக்குத் தள்ளியது. கனம் தாங்காமல் முத்து பூண்டி பக்கம் விழுந்தாள். கொசஸ்தலை ஆற்றில் உருண்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி கடலில் சேர்ந்தாள். கூட விழுந்தவர்களில் சிலர் மண்ணுக்குள் இறங்கி, யார் வீட்டுக் கிணற்றிலோ இருக்கிறார்கள். இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், பிள்ளைகளுக்கு ஆறு தெரியும்.

மறுநாள் கதையைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். "மேகத்துல ஓட்டை விழுந்து கொட்டுச்சு" என்று வந்தால் குளிர்ந்த இடம் மனதில் பதியவில்லை. டம்ளரை மறுபடி எடுங்கள்.