tan⁻¹ தொடரிலிருந்து பை: மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கு

பையின் மதிப்பு 3.14159 என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணை நாமே ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுக்க முடியுமா? முடியும். பெருக்குத் தொடரும், tⁿ-ஐத் தொகையிடும் விதியும் தெரிந்திருந்தால் போதும். பிளஸ் டூ கணக்கு படித்தவர்களுக்கு இரண்டும் பழக்கமானவைதான்.

பெரும்பாலான பாடங்களில் இந்தத் தொடரை முடிவிலி வரை எழுதிவிட்டு, கடைசியில் மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிடுவார்கள். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, அங்கே மிஞ்சும் மீதியையும் கூடவே எழுதப்போகிறேன். அந்த மீதி என்னவெல்லாம் வேலை செய்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: பெருக்குத் தொடர், மீதியோடு

(1 + t²) உடன் (1 − t² + t⁴) என்பதைப் பெருக்கிப் பாருங்கள். நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு, 1 + t⁶ மட்டும் நிற்கும். இரண்டு பக்கமும் (1 + t²) ஆல் வகுத்தால்:

1/(1 + t²) = 1 − t² + t⁴ − t⁶/(1 + t²)

முதல் மூன்று உறுப்புகள், பொது விகிதம் −t² உள்ள பெருக்குத் தொடர். கடைசியில் நிற்பது மீதி. இது தோராயமான சமன்பாடு அல்ல, முழுச் சமன்பாடு. t = 1/2 போட்டுச் சரிபாருங்கள். இடப்பக்கம் 1/1.25, அதாவது 0.8. வலப்பக்கம் 1 − 0.25 + 0.0625 = 0.8125, மீதி 0.0125. கழித்தால் சரியாக 0.8.

மூன்றுக்குப் பதில் n உறுப்புகள் எழுதினால், மீதி (−1)ⁿ t²ⁿ/(1 + t²) ஆகும். n ஒற்றைப்படை என்றால் மீதியைக் கழிக்க வேண்டும், இரட்டைப்படை என்றால் கூட்ட வேண்டும். இந்தக் குறியை ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: தொகையிடுதல்

y = tan⁻¹x என்றால் tan y = x. இதை வகையிட்டால் sec²y · y′ = 1. sec²y = 1 + tan²y = 1 + x² என்பதால், tan⁻¹x-இன் வகைக்கெழு 1/(1 + x²). எனவே 1/(1 + t²)-ஐ 0 முதல் x வரை தொகையிட்டால் tan⁻¹x கிடைக்க வேண்டும். வலப்பக்கத்தை உறுப்பு உறுப்பாகத் தொகையிடுவோம்:

tan⁻¹x = x − x³/3 + x⁵/5 − x⁷/7 + … (n உறுப்புகள்) + மீதி

மீதி = (−1)ⁿ ∫₀ˣ t²ⁿ/(1 + t²) dt

n உறுப்புகள் மட்டுமே இருப்பதால், உறுப்பு உறுப்பாகத் தொகையிடலாமா என்ற கேள்வியே எழாது. மீதியைக் கூடவே வைத்திருப்பதால் கிடைக்கும் முதல் லாபம் இது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். sin x தொடரின் நினைவில் 3, 5, 7 என்று எழுத வேண்டிய இடத்தில் 3!, 5!, 7! என்று எழுதிவிடுவோம். t⁴-ஐத் தொகையிட்டால் t⁵/5 தான் வரும், காரணியப் பெருக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. அடுத்த படியில் உங்கள் விடை 3.3659-இல் போய் அசையாமல் நின்றுவிட்டால், நீங்கள் கணக்கிட்டது 4 × sin 1 என்று புரிந்துகொள்ளலாம்.

படி 3: x = 1 போடுதல்

tan 45° = 1. ஆனால் நாம் செய்த வகையிடல் ரேடியனில்தான் செல்லும். ஆகவே tan⁻¹1 = π/4, அதாவது:

π = 4 (1 − 1/3 + 1/5 − 1/7 + …)

கால்குலேட்டரில் tan⁻¹(1) × 4 போட்டுச் சரிபார்க்கும்போது 180 வந்தால், அது டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1-இல் நேரடியாக t = 1 போட்டால் 1 − 1 + 1 − 1 என்று ஊசலாடும், மீதி எப்போதும் 1/2 ஆகவே இருக்கும், குறையவே குறையாது. அப்படியிருக்க, தொகையிட்ட தொடரில் மட்டும் x = 1 போடலாமா? இதற்கும் பதில் மீதியிடம்தான் இருக்கிறது. 1/(1 + t²) ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. ஆகவே தொகையிட்ட மீதி, ∫₀¹ t²ⁿ dt = 1/(2n + 1)-க்குள் அடங்கிவிடும். n பெருகப் பெருக இது பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. தொடர் π/4-க்குத்தான் போய்ச் சேர்கிறது.

ஆனால் மிக மெதுவாகப் போகிறது. 10 உறுப்புகள் கூட்டினால் 3.0418396 வருகிறது, முதல் தசம இடமே சரியில்லை. 1000 உறுப்புகள் கூட்டிய விடையை உண்மையான மதிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

3.140592653…
3.141592653…

மூன்றாவது தசம இடத்தில் 1-க்குப் பதில் 0 இருக்கிறது. அதைத் தவிர ஒன்பது இடம் வரை எல்லா இலக்கமும் சரி! முதல்முறை இதைப் பார்த்தபோது தட்டச்சுப் பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. விடை கிட்டத்தட்ட மிகச் சரியாக 0.001, அதாவது 1/1000 குறைகிறது. நாம் எடுத்ததும் 1000 உறுப்புகள்.

படி 4: அந்த 1/n எங்கிருந்து வந்தது?

மீதியை உற்றுப் பார்ப்போம். n = 10 என்றால் உள்ளே t²⁰ இருக்கிறது. t = 0.5-இல் அது சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. t = 0.9-இல் 0.12. ஆகவே தொகையீட்டின் பெரும்பகுதி t = 1-க்கு அருகிலிருந்துதான் வருகிறது.

இப்போது t²ⁿ-இலிருந்து ஒரு t-ஐக் கழற்றி, பின்னத்தோடு சேர்ப்போம்:

∫₀¹ t²ⁿ⁻¹ · [t/(1 + t²)] dt

அடைப்புக்குள் இருக்கும் t/(1 + t²), t = 1-இல் தன் உச்சத்தில் இருக்கிறது. அங்கே அதன் மதிப்பு 1/2. உச்சிக்கு அருகே வளைவு கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், t = 0.9-இல்கூட மதிப்பு 0.497 தான். ஆகவே அதை 1/2 என்றே எடுத்துக்கொண்டால், மீதி சுமார் 1/2 × 1/(2n) = 1/(4n). பைக்கு நான்கால் பெருக்கினால் 1/n. (t-ஐக் கழற்றாமல் 1/(1 + t²)-ஐயே 1/2 என்று வைத்தால் 2/(2n + 1) வரும். t = 0.9-இல் 1/(1 + t²) 0.55 ஆகிவிடுவதால், அந்தத் தோராயம் அவ்வளவு நன்றாக அமையாது.)

10 உறுப்புகளோடு இதைச் சேர்ப்போம். n இரட்டைப்படை, ஆகவே கூட்ட வேண்டும்: 3.0418396 + 0.1 = 3.1418396. ஒரே ஒரு கூட்டலில் மூன்று தசம இடம் சரியாகிவிட்டது. 5 உறுப்புகளோடு நிறுத்தினால் 3.3397 வரும். 5 ஒற்றைப்படை, 1/5-ஐக் கழித்தால் 3.1397. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டால் 3.54 வரும், தவறு உடனே தெரிந்துவிடும்.

இந்தத் திருத்தம் புதியது அல்ல. கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொடரைக் கண்டார். நிறுத்தும் இடத்தில் திருத்தம் சேர்க்கும் முறை அவருடைய மரபிலேயே இருந்தது. 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா தொடரையும் திருத்தத்தையும் காரணத்தோடு விளக்குகிறது. ஐரோப்பாவில் கிரிகோரியும் லைப்னிட்ஸும் இதே தொடருக்கு வந்தது 1670-களில். மாதவர் மரபில் 1/n-ஐவிட நுட்பமான திருத்தமும் உண்டு. பைக்கான வடிவில் அது 4n/(4n² + 1). n = 10-க்கு 40/401 = 0.0997506. கூட்டினால் 3.1415902. வெறும் பத்து உறுப்புகளில் ஐந்து தசம இடம்!

படி 5: சிறிய x-ஐத் தேர்ந்தெடுத்தல்

இன்னொரு வழியும் உண்டு. மீதி x²ⁿ⁺¹/(2n + 1)-க்குள் அடங்கும் என்பதால், x ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால் மீதி மளமளவென்று குறையும். (x ஒன்றைத் தாண்டினால் நேர்மாறாக உறுப்புகள் பெருத்துக்கொண்டே போகும், அந்தக் கணக்கு எங்கும் போய்ச் சேராது.) tan 30° = 1/√3. ஆகவே tan⁻¹(1/√3) = π/6. 6/√3 = √12 என்பதால்:

π = √12 (1 − 1/(3·3) + 1/(5·9) − 1/(7·27) + …)

ஒவ்வோர் உறுப்பிலும் ஒற்றைப்படை எண் ஒன்று, மூன்றின் அடுக்கு ஒன்று. ஏழு உறுப்புகளைக் கையாலேயே போட்டுவிடலாம்: 1, 1/9, 1/45, 1/189, 1/729, 1/2673, 1/9477. குறி மாற்றி மாற்றிக் கூட்டினால் 0.9069232 வரும். √12 = 3.4641016-ஆல் பெருக்கினால் 3.14167.

இங்கும் மீதி உதவும். இந்த முறை தொகையீட்டின் பெரும்பகுதி t = 1/√3-க்கு அருகிலிருந்து வருகிறது, அங்கே 1/(1 + t²) = 3/4. ஆகவே நாம் எழுதாமல் விட்ட எட்டாவது உறுப்பில் முக்கால் பங்குதான் மீதி. எட்டாவது உறுப்பு √12/(15·2187), சுமார் 0.000106. அதில் முக்கால் 0.00008. ஏழு ஒற்றைப்படை, கழிக்க வேண்டும்: 3.14167 − 0.00008 = 3.14159.

கணினியில் பார்க்க விரும்பினால் பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
from math import sqrt
n = 21
s = 0
for k in range(n):
    s += (-1)**k / ((2*k + 1) * 3**k)
print(sqrt(12) * s)
```

`range(n)` பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால்தான் ஒற்றைப்படை எண் `2*k + 1` ஆகிறது. 21 உறுப்புகளுக்கு 3.141592653595 என்று வரும். உண்மையான மதிப்பு 3.141592653589. வித்தியாசம் பதினோராவது தசம இடத்துக்கு அப்பால் போய்விட்டது.

மாதவருடையது என்று சொல்லப்படும் ஒரு கணக்கில், விட்டம் 900000000000 உள்ள வட்டத்தின் சுற்றளவு 2827433388233 என்று வருகிறது. வகுத்துப் பாருங்கள்: 3.141592653592.