சுவரில் கண்ட வரி எந்தப் பாட்டு? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் பச்சை குத்திய ஒரு வரியைப் புகைப்படத்தில் பார்க்கிறீர்கள்: 'சுட்டும் விழிச் சுட'. அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை, மணிக்கட்டு திரும்பிவிட்டது. பலரும் உடனே 'கஜினி' என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் முதல் தவறு. நமக்குப் பழகிய பாட்டு மனதில் ஓட ஆரம்பித்ததும், விடை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்தத் தொடக்கத்துக்குக் குறைந்தது மூன்று முகவரிகள் உண்டு. பாரதியார் கண்ணம்மாவைப் பாடிய கவிதை 'சுட்டும் விழிச்சுடர் தான்' என்று தொடங்குகிறது. அதையே 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹரிஹரன் பாடினார். 2005இல் வந்த 'கஜினி'யில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்த பாட்டோ 'சுட்டும் விழிச் சுடரே' என்று தொடங்கும் வேறு பாட்டு. பாரதியின் சொற்களைத் தொட்டுத் தொடங்கி, தன் வழியில் போய்விடுகிறது. ஆக, 'சுட' என்பதற்குப் பின்னால் வருவது 'ர் தான்' என்பதா 'ரே' என்பதா என்பதில்தான் விடை இருக்கிறது. புகைப்படத்தில் அந்த இடம்தான் மறைந்திருக்கிறது.

அதனால் தேடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பாதி தெரியும் எழுத்து, அடுத்த வரியின் தொடக்கம், எழுத்துப்பிழை எல்லாமே வேண்டும். மனதிலிருக்கும் பாட்டை வைத்து இடைவெளியை நிரப்பிவிட்டால், பிறகு தேடுவது நம் ஊகத்தைத்தான், படத்திலிருக்கும் வரியை அல்ல. இந்தப் படத்தில் கீழே 'வட்டக் கரிய விழி' என்று மூன்று சொற்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். தேட வேண்டியது அவற்றைத்தான். பலருக்கும் தெரிந்த தொடக்க வரி எல்லாப் பாட்டையும் அள்ளிக்கொண்டு வரும். பலர் கவனிக்காத இரண்டாம் வரி ஒன்றைத்தான் காட்டும்.

தேடுபொறியில் எழுதும்போது பலர் சறுக்குவது புணர்ச்சியில். 'விழிச்சுடர்' என்று சேர்த்தும், 'விழிச் சுடர்' என்று பிரித்தும், ஒற்று மிகாமல் 'விழி சுடர்' என்றும் எழுதுகிறார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் இவை மூன்றும் வெவ்வேறு தேடல்கள். ஒன்றில் எதுவும் கிடைக்கவில்லை என்றதும் 'அப்படி ஒரு பாட்டே இல்லை' என்று கைவிடக் கூடாது. திரைப்பாடல் வரிகளை ஆங்கில எழுத்தில் போட்டு வைத்திருக்கும் பக்கங்களும் ஏராளம் என்பதால், இப்படியும் தேடிப் பாருங்கள்:

```
"வட்டக் கரிய விழி"
"vatta kariya vizhi"
```

இப்போது பாரதி வந்து நிற்பார்: 'வட்டக் கரிய விழி கண்ணம்மா, வானக் கருமை கொல்லோ?' கஜினி விலகிவிட்டது. ஆனால் பச்சை குத்தியவர் கவிதையைப் படித்து எழுதினாரா, ஹரிஹரன் குரலைக் கேட்டு எழுதினாரா என்பதை இந்த வரி சொல்லாது. இரண்டிலும் சொற்கள் ஒன்றே. இந்த இடத்தில் 'இது அந்தப் படப் பாட்டு' என்று அடித்துச் சொல்வது இன்னொரு தவறு. 'பாரதியின் வரி, படத்திலும் வந்தது' என்பதுதான் சரியான விடை. கேட்டவருக்குச் சப்பென்று இருந்தால் இருக்கட்டும்.

தேதி சில சமயம் கைகொடுக்கும். 2004இல் எடுத்த புகைப்படத்தில் அந்த வரி இருந்தால் 2005ஆம் ஆண்டுப் பாட்டாக இருக்க வழியில்லை. ஆனால் இது நீக்குவதற்கு மட்டுமே உதவும். பழைய பாட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். படம் இணையத்தில் ஏறிய நாளையும் எடுத்த நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுவரெழுத்து என்றால் படம் எடுத்த நாளுக்கு வெகு முன்பே எழுதியதாகவும் இருக்கலாம்.

புகைப்படக் குறிப்புகளில் இன்னொரு சிக்கல், தலைப்புகள். 'காற்று வெளியிடை' என்று யாராவது எழுதியிருந்தால் அது பாரதியின் வரியாக இருக்கலாம், 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஒலித்த பாட்டாக இருக்கலாம், 2017இல் வந்த படத்தின் பெயராகவும் இருக்கலாம். பின்னால் 'கண்ணம்மா' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படப் பெயர் என்பது பெரும்பாலும் அடிபட்டுவிடும். இல்லையென்றால் குறிப்பிலுள்ள மற்ற சொற்களும் புகைப்படத்தில் இருப்பதும்தான் துணை.

பாடல்வரித் தளங்களை அப்படியே நம்புவது கடைசித் தவறு. அங்கே இருப்பது பெரும்பாலும் யாரோ ஒரு ரசிகர் காதால் கேட்டு எழுதியது. ஒரு தளத்தின் பிழை அடுத்த பத்துத் தளங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், எழுதியவர் பெயர் உட்பட. ஆகவே பாட்டைப் போட்டு அந்த வரி வரும் இடத்தைக் காதால் கேளுங்கள். கவிதையென்றால் அச்சு நூலோடு ஒப்பிடுங்கள். எழுதியவர் பெயருக்குத் திரைப்படத்தின் தலைப்பு எழுத்துகளையோ இசைத்தட்டின் உறையையோ பாருங்கள்.

இவ்வளவும் செய்து, எல்லா எழுத்து வடிவங்களிலும் தேடி, எதுவும் அகப்படவில்லை என்றால், அது எழுதியவரின் சொந்த வரியாக இருக்கக்கூடும். சாயல் தட்டுகிறதே என்று ஏதோ ஒரு பாட்டின் பெயரை அதன் தலையில் கட்டிவிடாதீர்கள்.