பானை திரும்பி வந்தால் என்ன செய்வது? ஒரு குயவர் வீட்டுக் கடையின் கதை

எங்கள் ஊர் புதுச்சேரியில், வில்லியனூர் பக்கம். வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் அப்பா வனைவது பொம்மை இல்லை, வீட்டில் புழங்கும் பானையும் சட்டியும். அவற்றை விற்க நான் ஆன்லைனில் ஒரு கடை போட்டேன். போன் கேமராவில் படம் எடுத்து, விலை எழுதிப் போடுவதெல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. திரும்பி வரும் பொருளை எப்படிக் கையாள்வது என்பதுதான் பழக நாளானது. இப்போதுதான் கடை தொடங்குகிறவர்களுக்கு அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், நான் செய்த தவறு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா 10 லிட்டர் தண்ணீர்ப் பானை வாங்கினார். பானை 650 ரூபாய், அனுப்பும் செலவு 520. மூன்றாம் நாள், "பானை ஒழுகுது, பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று செய்தி வந்தது. நான் பதறிப்போய், "திருப்பி அனுப்புங்கம்மா, கூரியர் செலவு என்னுடையது" என்று சொல்லிவிட்டேன். அவரும் அனுப்பினார். சுற்றிலும் நாலு செய்தித்தாள் மட்டும் திணித்த பெட்டியில் பானை எட்டுத் துண்டாக வந்து சேர்ந்தது. போக 520, வர 520, பானையும் போச்சு.

அந்த அம்மா அனுப்பியிருந்த படத்தை அன்று இரவுதான் அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஒழுகலம்மா, வேர்க்குது" என்றார்.

படி 1: திருப்பி அனுப்பச் சொல்வதற்கு முன் கணக்குப் போடுங்கள்

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குக் காசு. என் பானைப் பெட்டி மூன்று பக்கமும் 40. பெருக்கினால் 64,000, வகுத்தால் 12.8. நாலு கிலோ பானைக்குப் பதின்மூன்று கிலோவுக்கான காசு கொடுக்கிறேன். திரும்பி வரும்போதும் அதே காசுதான். அதனால் உடைந்த பானையை நான் திரும்பக் கேட்பதே இல்லை. படம் போதும்.

படி 2: மூன்று படம் கேளுங்கள்

புகார் வந்த அன்றே பதில் போட வேண்டும். நான் அனுப்புவது இதுதான்: "சிரமத்துக்கு மன்னிக்கவும். பெட்டியின் வெளிப்பக்கம், பெட்டிக்குள் பானை இருந்த நிலை, உடைந்த இடத்தின் கிட்டப் படம், இந்த மூன்றையும் அனுப்புங்கள். நாளைக்குள் முடிவு சொல்கிறேன்." பார்சலுக்குள் வைக்கும் சீட்டிலும், பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். பிரித்த பிறகு கேட்டால் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும்.

படி 3: உடைந்த இடத்தைப் படியுங்கள்

இது குயவர் வீட்டுப் பிள்ளைக்கு எளிது. மற்றவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

வழியில் உடைந்த பானையின் உடைப்பு புதிதாக, சுத்தமாக இருக்கும். துண்டுகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பெட்டியின் ஒரு மூலை பெரும்பாலும் நசுங்கியிருக்கும். இதற்குப் பேச்சே இல்லை, பணமோ வேறு பானையோ கொடுத்துவிட வேண்டும். 2020-இல் வந்த மின் வணிக நுகர்வோர் விதிகளும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

அடுப்பில் விரிந்த சட்டி வேறு மாதிரி. விரிசல் அடியிலிருந்து மேலேறும். ஓரத்தில் புகைக்கரியோ மஞ்சள் கறையோ ஏறியிருக்கும். பழக்காத சட்டியை நேரே பெரிய தீயில் வைத்தாலும், சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் இப்படி ஆகும். இதற்கு நான் பணம் தருவதில்லை. ஆனால் சட்டியைப் பழக்கும் முறை சீட்டில் இருந்ததா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்வேன். ஒருமுறை சீட்டு வைக்க மறந்திருந்தேன், அந்தச் சட்டிக்கு முழுப் பணமும் கொடுத்தேன்.

மூன்றாவது, மண்ணிலேயே இருக்கும் குறை. பானை மேல் சின்னக் குழி விழுந்து, அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மண்ணில் சுண்ணாம்புக்கல் இருந்திருக்கிறது. சூளையில் வெந்த கல் பிறகு ஈரம் குடித்து உப்பி, மண்ணைத் தெறிக்க வைக்கும். சூளையிலிருந்து எடுத்த அன்று தெரியாது, வாங்கியவர் வீட்டில்தான் தெரியும். முழுக்க நம் தவறு. பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த மண்ணை இன்னும் நைசாகச் சலிக்க வேண்டும்.

படி 4: ஒழுகலா, வியர்வையா?

தண்ணீர்ப் பானைக்கு வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியாக ஈரம் வெளியே வந்து, காற்றில் ஆவியாகும்போதுதான் தண்ணீர் குளிரும். வேர்க்காத பானை குளிராது. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வெளியே வந்த ஈரம் காயாமல் வழியும். அதனால் ஐப்பசியில் இந்தப் புகார் கூடுகிறது.

வாங்கியவரிடம் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கப் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கட்டும். முதல் நாள் பானையே தண்ணீர் குடிக்கும், அந்த நாளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மறுநாள் வெளியே துடைத்து, காய்ந்த செய்தித்தாள் மேல் பானை உருளாமல் தாங்கும் வளையமான பிரிமனையை வைத்து, அதில் பானையை உட்கார வைத்து, கழுத்து வரை நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பானையின் வயிறு முழுக்க ஒரே சீராக ஈரமாகி, மட்டம் கோட்டை ஒட்டியே இருந்தால் அது வியர்வை. ஒரே இடத்தில் முத்து முத்தாகத் திரண்டு கோடாக இறங்கினால் அது கீறல், பணம் திரும்பக் கொடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. சரியாக வேகாத பானை முழுக்கச் சீராகத்தான் கசியும், ஆனால் அளவுக்கு மீறி. ராத்திரி கீழே வைத்த தட்டில் காலையில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் சேர்ந்தால் நான் அதையும் குறையாகவே எடுத்துக்கொள்கிறேன். இந்த அளவு அப்பா சொன்னது.

படி 5: பணத்தைத் திருப்பும் முறை

எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில் திருப்புங்கள். ஆர்டர் எண்ணோடு "இன்று அனுப்பிவிட்டேன், கணக்கில் ஏற ஒரு வாரம் வரை ஆகலாம்" என்று எழுதிப் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர்கள் தினமும் கேட்பார்கள், நியாயமாகவே கேட்பார்கள்.

படி 6: அனுப்பும் முன்

ஒவ்வொரு பானையையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பேன். கணீரென்று கேட்டால் நல்லது, டொக்கென்று கேட்டால் எங்கோ கீறல். அப்புறம் ஓர் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, நன்றாகக் காயவைத்தே கட்டுவேன்.

உருண்டை அடிப் பானை பெட்டிக்குள் ஒரே புள்ளியில் நிற்கும், அடி விழும்போது அந்த இடத்தில்தான் உடையும். அப்பா அந்தக் காலத்தில் வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோன விதத்தைச் சொல்லித்தந்தார். காய்ந்த வைக்கோலைப் பிரிமனையாகச் சுற்றி, பானைக்குக் கீழே ஒன்றும் கழுத்தில் ஒன்றும் மாட்டிவிடுகிறேன். பாரம் வட்டமாகப் பரவிவிடும். சுற்றிலும் நாலு விரல் இடைவெளிக்குத் தாளைக் கசக்கித் திணிப்பேன். மூடியைப் பானைக்குள் வைக்க மாட்டேன், தனியாகச் சுற்றி ஓரத்தில் சொருகுவேன். கட்டி முடித்ததும் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது அசைந்தால் பிரித்துத் திரும்பக் கட்டுவேன்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு அப்போதே முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து நானே அவருக்கு எழுதி, வியர்வை என்றால் என்ன என்று விளக்கினேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மறுபடியும் ஒரு பானை கேட்டார். போன வாரம்தான் அனுப்பினேன், செய்தித்தாளும் பென்சிலும் எதற்கு என்ற குறிப்போடு.