முடிவில்லாத முறிதான் அதிகம் ஆடுமா?

திருநெல்வேலியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இரண்டு கடன் முறிகளைக் காட்டி, வட்டி வீதம் ஏறினால் எதன் விலை அதிகம் விழும் என்று கேட்பேன். ஒன்று முடிவே இல்லாத நிரந்தர முறி. மற்றது கூப்பன் எனப்படும் ஆண்டு வட்டி எதுவும் தராமல் 20 ஆண்டில் முதிரும் பூச்சியக் கூப்பன் முறி. அநேகமாக எல்லாரும் நிரந்தர முறி என்பார்கள். "அது முடியவே முடியாதே, சேர்!"

சரி, கணக்கைப் பார்ப்போம். சந்தை வட்டி 10 சதவீதம். நிரந்தர முறி ஆண்டு முடிவில் 10,000 ரூபாய் தருகிறது. கூப்பன் C, சந்தை வட்டி r என்றால் விலை C / r, அதாவது 1,00,000 ரூபாய். பூச்சியக் கூப்பன் முறி 20 ஆண்டு கழித்து 1,00,000 தரும். முகப்பெறுமதி F, ஆண்டுகள் n என்றால் இன்றைய விலை F / (1 + r)^n, அதாவது 14,864 ரூபாய். வட்டி 11 ஆனால் முதலாவது 90,909 ஆகிறது, இழப்பு 9.1 சதவீதம். இரண்டாவது 12,403 ஆகிறது, இழப்பு 16.6 சதவீதம்.

ஏன் இப்படி? கடையை வாடகைக்கு விட்டவர் போல, நிரந்தர முறிக்காரருக்குக் காசு முதல் ஆண்டிலிருந்தே வருகிறது. 10 சதவீதத்தில் அதன் விலையில் 85 சதவீதம் முதல் 20 ஆண்டுக் கூப்பன்களிலேயே அடங்கிவிடும். அதன் டியூரேஷன், அதாவது ஒவ்வொரு காசுக்கும் அதன் இன்றைய பெறுமதிப்படி நிறை கொடுத்துப் பார்க்கும்போது காசு வந்துசேரும் சராசரிக் காலம், (1 + r) / r. இங்கே 11 ஆண்டு. மற்றதற்கோ முழுப் பணமும் கடைசி நாளில்தான் வருகிறது, ஆகவே 20. ஆயுளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் பெரிய பிழை. இந்த 11-ஐ மாறாத எண்ணாகவும் பிடித்துக்கொள்ளக் கூடாது. சந்தை வட்டி 5 ஆனால் அதே நிரந்தர முறியின் டியூரேஷன் 21.

C / r-இல் r என்பது சந்தை கேட்கும் வீதம், முறியில் அச்சிட்ட கூப்பன் வீதம் அல்ல. விடைத்தாள்களில் இது அடிக்கடி மாறிக் கிடக்கும். கூப்பன் வீதத்தால் வகுத்தால் எப்போதும் முகப்பெறுமதியே விடையாக வரும். பிழையைப் பிடிக்க அதுவே போதும்.

அடுத்தது, டியூரேஷன் ஒன்றென்றால் நடத்தையும் ஒன்று என்ற நினைப்பு. 11 ஆண்டுப் பூச்சியக் கூப்பன் முறிக்கும் டியூரேஷன் 11தான். வட்டி 10-இலிருந்து 11 ஆனால் அது 9.5 சதவீதம் விழும். நிரந்தர முறியிலிருந்து பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். அந்த அளவு பாய்ச்சல் முறியின் சந்தை வட்டியிலும் வந்து அது 17 ஆனால், நிரந்தர முறி 58,824-க்கு இறங்கும். இழப்பு 41 சதவீதம். 11 ஆண்டு முறியோ 35,049-இலிருந்து 17,781-க்கு, 49 சதவீதம். விலைக்கோடு நேர்கோடு அல்ல, வளைகோடு. காசு பல ஆண்டுகளுக்குப் பரந்து வருவதால் நிரந்தர முறிக்கு வளைவு கூட. டியூரேஷனை மட்டும் வைத்து, 11-ஐ 1 + r, அதாவது 1.1-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கியிருந்தால் இரண்டுக்குமே 70 சதவீத இழப்பு என்று எழுதியிருப்போம்.